தெரபிஸ்ட்டை முதல்தடவை பார்க்கப் போற பிள்ளைக்கு ஒரு கதை

மழைக்காலம் (நோர்வூட்): மகளுக்கு 6 வயசு. லயத்துக்குப் பின்னால மண் சரிஞ்சதுல இருந்து ராவுல தூங்குறாளில்ல. வியாழக்கிழமை கவுன்சலிங் மிஸ்ஸைப் பாக்கப் போறோம். முன்னாடியே வாசிச்சுக் காட்ட ஒரு கதை வேணும்.

சிவா மாமா: ஊசி இல்லைன்னு பெருசா எழுதுங்க. எல்லாப் பிள்ளையும் அதுக்குத்தான் பயப்படுது.

மணல்தட்டு (சிறுவர் உளநலப் பணி): பிள்ளை கேட்டா மட்டும் சொல்லுங்க. நினைக்காத பிள்ளைக்கு "ஊசி" என்ற சொல்லே ஊசியைக் கொண்டுவந்துரும். ஆறு பக்கம், பக்கத்துக்கு ரெண்டு மூணு வரி, படம் நீங்களே கீறுங்க. இப்படி:

*மீனா அம்மாவோடு பஸ்ஸில் போனாள். அறையில் ஒரு மிஸ் இருந்தார்.*
*மேசையில் மணல் தட்டு. பக்கத்தில் கால் உடைந்த யானை.*
*மீனா அம்மா மடியை விட்டு இறங்கவில்லை. மிஸ் "சரி" என்றார்.*
*யானை மணலில் சாய்ந்து விழுந்தது. மீனா இறங்கி வந்து மண்ணை அணைத்து அதை நிறுத்தினாள்.*
*"இன்னும் ஐந்து நிமிஷம்" என்றார் மிஸ். யானை அங்கேயே இருக்கும். அடுத்த தடவையும் பார்க்கலாம்.*
*மீனா பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.*

மீனா கடைசிவரை பேசல, பாத்தீங்களா? கதையில அவ மனசு விட்டுப் பேசி, அன்னைக்கே நல்லாத் தூங்கிட்டான்னு முடிச்சா, உங்க மக பேசாம வந்த அன்னைக்குத் தான் தோத்துட்டதா நினைப்பா. முதல் நாள் பேசாம இருக்கிறது சாதாரணம். "யானை அங்கேயே இருக்கும்"ங்கிற வரியை வெட்டிராதீங்க. பொம்மையை விட்டுட்டு வரணும்னு முன்னமே தெரியாததாலதான் பல பிள்ளைங்க கதவடியில அழுதுருதுங்க. மூணு நாளைக்கு முன்ன இருந்து பகல்ல வாசிங்க, படுக்கப் போற நேரம் வேணாம்.

கொழுந்துக்கூடை: எங்க மகனுக்கும் கால் பயிற்சிக்கு இப்படித்தான் போனோம். பந்து உருட்டச் சொன்னாங்க.

மணல்தட்டு: அது பிசியோதெரபி, அக்கா. அதுக்குக் கதை வேற. அங்க தொட்டுத்தான் செய்வாங்க, அதை எழுதணும்.

மழைக்காலம்: "நீ சொல்றதை மிஸ் யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க"ன்னு சேக்கலாமா?

மணல்தட்டு: வேணாம். யாராவது அடிக்கிறாங்கன்னு பிள்ளை சொன்னா மிஸ் சும்மா இருக்க முடியாது. "உனக்கு ஆபத்துன்னா மட்டும், உன்னைக் காப்பாத்த வேற பெரியவங்ககிட்ட சொல்லுவேன்"னு அவரே முதல் நாள் சொல்லுவார். அம்மா உள்ளுக்கே இருக்கலாமான்னும் முன்னமே கேட்டுக்கங்க. வெளியில இருக்கச் சொன்னா மடி வரியை மாத்தணும். மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியுமான்னும் கேளுங்க. இல்லாட்டி தமிழ்ல மாத்திச் சொல்ல இன்னொருத்தர் இருப்பார், அவரையும் படத்துல கீறணும்.

சிவா மாமா: எதுக்குப் போறோம்னு கதையில ஒரு வரிகூட இல்லையே?

மணல்தட்டு: சரியான கேள்வி. "மழைச் சத்தம் கேட்டா மீனாவுக்குத் தூக்கம் வராது"ன்னு முதல் பக்கத்துல வைக்கலாம். மண்சரிவுன்னு பேர் சொல்லணுமா இல்லையாங்கிறதுல எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி.

மழைக்காலம்: மழையோட நிறுத்திக்கிறேன். யானைக்குப் பதிலா மாடு கீறினாப் பரவாயில்லையா? யானை எனக்கு வராது.