ஏழு வயதுக் கேள்விகளுக்கு எந்தப் படக் கலைக்களஞ்சியம்?

கயல் அம்மா
மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. காலையில் கண் விழித்ததிலிருந்து ஏன், ஏன், ஏன்தான். "மே மாசம் மட்டும் ஏன் இப்படிச் சுடுது?" "டைனோசர் எல்லாம் ஏன் செத்துப் போச்சு?" கடையில் ஒரு ஆங்கிலப் படக் கலைக்களஞ்சியம் பார்த்தேன். முந்நூறு பக்கம், வழவழப்பான தாள், விலையும் அதற்கேற்ப. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். வாங்கலாமா?

ஏட்டுச்சுவடி
எதற்கு அவ்வளவு செலவு? தமிழிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள் இருக்கின்றன. பெ. தூரன் பொறுப்பில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை வெளியிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். அகர வரிசை என்பதால் ஒன்றைத் தேடப் போய், பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றையும் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். நான் அப்படித்தான் வளர்ந்தேன். அறிவியல் உண்மை ஐம்பது வருடத்தில் மாறிப்போய்விடாது.

செந்தில் தாராபுரம்
கவலைப்படாதீர்கள் சகோதரி. என் பையனும் இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்தான், மூன்றாம் வகுப்பு போனதும் தானாக நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து விற்றவரிடம் தவணையில் ஆறு புத்தகம் வாங்கினேன். அலமாரியில் வைத்துப் பூட்டினோம், அழுக்காகிவிடக் கூடாதே என்று. இப்போது அவன் கல்லூரிக்குப் போகிறான், புத்தகம் புதிதாகவே இருக்கிறது.

கயல் அம்மா
நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை அண்ணா, பதில் சொல்லத்தான் வழி தேடுகிறேன்.

நூலக அக்கா
பள்ளி நூலகத்தில் பல வருடமாக இருக்கிறேன். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன தொகுதிகள் எனக்கும் உயிர். தமிழ் எப்படி எழுத வேண்டும் என்பதற்கே அவற்றைப் பிள்ளைகளிடம் காட்டுவேன். ஆனால் 'உண்மை மாறாது' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. யானை, எரிமலை, இதயம் என்று 'என்ன' கேட்டால் பழைய புத்தகம் இன்றும் பதில் சொல்லும். 'ஏன்' கேட்டால் அப்படி இல்லை. விண்ணிலிருந்து பெரிய கல் விழுந்ததால் டைனோசர்கள் அழிந்தன என்ற கருத்தை ஆல்வரெஸ் தந்தையும் மகனும் மற்ற இருவரோடு சேர்ந்து முன்வைத்ததே 1980இல்தான். 1976இல் முடிந்த புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? கயல் கேட்ட கேள்விக்கே அங்கே இன்றைய பதில் கிடைக்காது.

கடையில் பார்த்த புத்தகத்துக்கு வருவோம். அட்டையை விடுங்கள். பருவகாலம் பற்றிய பக்கத்தைத் திறந்து, பூமி சூரியனைச் சுற்றும் படத்தைப் பாருங்கள். பாதையை நீள முட்டை போல வரைந்து, சூரியனை ஒரு முனைப் பக்கம் தள்ளி வைத்திருந்தால் யோசியுங்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை என்ன நினைக்கும்? "கிட்டப் போனா வெயில், எட்டப் போனா குளிர்." நான் கேட்ட பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிப் பனியில் கோலம் போடும்போது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. பருவம் மாறுவது தூரத்தால் இல்லை, பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால். அந்தப் பாதையைத் தாள் நிறைய வரைந்தாலும் வட்டமாகத்தான் தெரியும்.

கோட்டோவியன்
படம் வரைவது என் தொழில், அதனால் ஒரு வார்த்தை. அது முட்டை இல்லை அக்கா, சாய்வாகப் பார்த்த வட்டம். பூமியின் சாய்ந்த அச்சைக் காட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் சாய்வு தெரியாது. நாங்கள் தப்பாக வரைவதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு துல்லியம் வேண்டுமா?

நூலக அக்கா
தம்பி, உங்கள் நியாயம் பாதி சரி. சாய்வாகப் பார்த்த வட்டம் என்றால் சூரியன் நடுவில் இருக்க வேண்டுமே? முனைக்குத் தள்ளினால் அது தப்புதான். நடுவில் இருந்தாலும் 'சாய்வாகப் பார்க்கிறோம்' என்று படத்தின் கீழ் ஒரு வரி இல்லாவிட்டால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஏழு வயதில் பிள்ளை எழுத்தை விடப் படத்தைத்தான் நம்பும். அதனால்தான் துல்லியம் வேண்டும் என்கிறேன்.

இதை வீட்டிலேயே சரி செய்யலாம். சாப்பாட்டுத் தட்டை நேராகக் காட்டுங்கள், வட்டம். மெல்லச் சாய்த்துக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், முட்டையாகும். தட்டு மாறவில்லை, நாம் பார்க்கும் இடம்தான் மாறியது என்று அவளே சொல்லிவிடுவாள்.

கோட்டோவியன்
அந்த ஒரு வரியைச் சேர்க்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாய்வுப் படத்தையே ஒதுக்க வேண்டியதில்லை என்பதில் மாற்றமில்லை.

ஏட்டுச்சுவடி
டைனோசர் விஷயத்தில் அம்மணி சொன்னது சரி, ஏற்கிறேன். ஆனால் வெளிநாட்டுப் புத்தகம் மட்டும் 'மே மாசம் ஏன்' என்பதற்குப் பதில் சொல்லுமா? வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவம் போட்டு, கோடை ஜூனில் தொடங்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் பிள்ளைக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும்!

நூலக அக்கா
இங்கே ஐயா சொல்வதுதான் சரி, நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். லண்டனில் சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு நேரே வராது. கோவையில் வருடத்துக்கு இரண்டு முறை வரும். ஒன்று ஏப்ரல் நடுவில், இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். அன்று நண்பகலில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் வெயில் நேராக இறங்கி மண் காய்கிறது, மேகமும் இல்லை, அதனால் சித்திரையும் வைகாசியும் சுடுகின்றன. ஆகஸ்டிலும் சூரியன் நேரேதான் நிற்கிறது, ஆனால் அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தைக் கொண்டு வந்துவிடும். அச்சுச் சாய்வு என்ற காரணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், கதை ஊருக்கு ஊர் வேறு. அந்தப் பக்கத்தில் 'நிலநடுக்கோட்டுக்கு அருகே' என்று ஒரு சின்னப் பத்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

செந்தில் தாராபுரம்
ஆகஸ்டிலும் சூரியன் நேரே வருமா? இத்தனை வயதுக்கு எனக்கே தெரியாது.

கயல் அம்மா
ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முந்நூறு பக்கப் புத்தகத்தில் அதே நீள முட்டை, சூரியன் ஓரத்தில். கயல் விரலை வைத்து, "இங்க வரும்போதுதான் மே மாசமாம்மா?" என்றாள். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. அடுத்த தட்டில் இன்னொன்று இருந்தது, நூற்றிருபது பக்கம்தான். சூரியன் நடுவில், அச்சுக்கு அம்புக்குறி, வெப்ப மண்டலத்துக்கு மூன்று வரி. பின்பக்கச் சொல்லடைவில் டைனோசர் அழிவுக்கும் தனியாகப் பக்க எண் இருந்தது. அதை வாங்கினேன். அவள் படத்தைப் பார்ப்பாள், எழுத்தை நான் தமிழில் சொல்வேன். மின்னூலகத்திலிருந்து தூரன் தொகுதி ஒன்றையும் இறக்கி வைத்திருக்கிறேன், ராத்திரி வாசித்துக் காட்ட.

வீட்டுக்கு வந்து தட்டு வித்தை காட்டினேன். நான்கைந்து முறை சாய்த்துப் பார்த்தவள், "தட்டு வட்டம்தான், சரி. பூமி மட்டும் ஏம்மா சாய்ஞ்சே நிக்குது?" என்கிறாள். இதற்கு இரண்டு புத்தகத்திலும் தேடிவிட்டேன், இல்லை. அக்கா?

நூலக அக்கா
பூமி உருவான காலத்தில் பெரிய பெரிய பாறைகள் வந்து மோதியதில் சாய்ந்தது என்றுதான் பலரும் கருதுகிறார்கள். 'கருதுகிறார்கள்' என்ற சொல்லோடு சேர்த்தே சொல்லுங்கள். எந்தப் பாறை, எவ்வளவு பெரியது என்று அடுத்துக் கேட்பாள். அப்போது வாருங்கள், பேசுவோம்.