மெட்டுல உக்காராத வார்த்தை: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாட்டுப்பைத்தியம்:
போன வருஷம் ஃப்ரெண்டோட ஷார்ட் ஃபிலிமுக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுத்தேன். கவிதை எழுதற பழக்கம் இருக்கு, அந்தத் தைரியத்துல ஒத்துக்கிட்டேன், ஆனா மெட்டுக்கு எழுதறது அதுதான் முதல் தடவை. மியூசிக் பண்ற தம்பி வாட்ஸப்புல ஒரு ஆடியோ அனுப்பினாரு, கீபோர்டுல ரெண்டு கார்டு, அதுமேல அவரே "தானன தானன தானா"ன்னு பாடியிருந்தாரு, கடைசி "னா" மட்டும் நாலு தட்டுக்கு இழுக்கும். நான் என்ன பண்ணேன், மொத்தம் எட்டு சத்தம் வருதுன்னு விரல் விட்டு எண்ணிட்டு "மனசின் கதவ தட்டும்"னு எழுதி அனுப்பிட்டேன். ம, ன, சின், க, த, வ, தட், டும். எட்டுக்கு எட்டு, கணக்கு சரி.

ஸ்டுடியோவுல பாட வந்த பொண்ணு ஹெட்ஃபோனை மாட்டி ஒரு டேக் பாடிச்சு. காதுல விழுந்தது "மானசின் காதவ தட்டும்". நாலு தடவை எடுத்தாங்க, நாலு தடவையும் அதேதான். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, "தா" வர்ற இடத்துல நான் "ம"வைக் கொண்டுபோய் வச்சிருக்கேன், சுரம் நீளமா நிக்குது, எழுத்து நீளமா இல்ல, அப்ப எழுத்துதானே நீண்டாகணும்? மனசு மானசு ஆயிடுச்சு, கதவு காதவு ஆயிடுச்சு.

அந்தத் தம்பி பொறுமையா, "அண்ணா, எண்ணாதீங்க, தொடையில தட்டிக்கிட்டே தானன தானனன்னு சொல்லிட்டு அதே வேகத்துல பேச்சு மாதிரி ஏதாவது சொல்லிப் பாருங்க"ன்னாரு. மணிக்கணக்குல வாடகை ஓடுது, எனக்குக் கையெல்லாம் வேர்த்துருச்சு. முக்கா மணி நேரம் கழிச்சு வந்த வரி "வாசலில் ஆரது தோழி". வா-ச-லி, லா-ர-து, தோ-ழி. அங்கயும் "ழி" குறில், நாலு தட்டு இழுக்க முடியாதேன்னு பயந்தேன். அந்தப் பொண்ணுதான், "கூப்பிடறப்ப தோழீன்னு தானே சார் கூப்பிடுவோம், அப்படியே பாடிடறேன்"னுச்சு. முதல் டேக்லயே ஓகே.

இந்த மாதிரி உங்களுக்கு நடந்ததை எழுதுங்க.

வெண்பாப்பிரியன்:
இதுக்கு யாப்பிலேயே வழி இருக்குங்க, ஸ்டுடியோ வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். தானன கூவிளம், தானா தேமா. ஆக உங்க மெட்டு கூவிளம் கூவிளம் தேமா. "மனசின்" புளிமா, "கதவ" புளிமா, அப்பவே அடி வாங்கியாச்சு. அசை பிரிச்சுப் பாத்துட்டு எழுதினா எந்த மெட்டுக்கும் எழுதலாம், நான் இருபது வருஷமா வெண்பா எழுதறவன்.

ரெண்டாங்கட்டை:
வெண்பா ஐயா சொல்றது பாதி சரி. நான் ரொம்ப நாளா டிராக் பாடறேன், எழுதி வர்ற பேப்பரை முதல்ல வாய்ல போட்டுப் பாக்கறது நாங்கதான். அசைக் கணக்கு ஒரு இடத்துல கவுத்துடும். "வான்நிலா"வும் கூவிளம்தானே ஐயா? நிலா குறில்நெடில், அதனால நிரை. அதை "தானன"வுல பாடுங்க, கடைசி "ன"வுக்கு ஒரு தட்டுதான் இடம், "லா" சுருங்கி "வான்நில"ன்னு கேக்கும். யாப்புக்கு மலரும் நிலாவும் ஒண்ணு, மெட்டுக்கு ஒண்ணு இல்ல. அங்க கூவிளம் தேமா போதாது, சந்தம் வேணும், தனன வேற தனனா வேறன்னு பாக்கணும்.

ஒற்று விஷயமும் அப்படித்தான். இலக்கணத்துல மெய்க்கு அரை மாத்திரை, ஆனா மெட்டுல "தன்" கிட்டத்தட்ட "தா" அளவு இடத்தைப் புடிச்சுக்கும். அதனால நெடில் கிடைக்கலன்னா தன், தம், தட்னு போட்டு எழுதறாங்க. எந்த ஒற்றுங்கறதுதான் முக்கியம். சுரம் ஒரே இடத்துல நின்னா "தட்" சூப்பரா இருக்கும், நறுக்குன்னு வெட்டும். சுரம் மேலேருந்து கீழ வழுக்கி வர்ற இடத்துல "தட்" வச்சா பாட்டே நின்னுடும், ஏன்னா ட்-ல சத்தம் அடைச்சுக்குது, வழுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அங்க ன், ம், ய், ல் இருந்தா அதுமேலயே இழுத்துடலாம். அருணகிரிநாதர் திருப்புகழ்ல தத்த, தந்த, தய்யன்னு தனித்தனியா சந்தம் வச்சிருக்காரே, அதைச் சத்தமாப் பாடிப் பாருங்க, மூணும் வாய்க்கு வேற வேற வேலை குடுக்கும்.

ஊர்க்காத்து:
நானும் ரொம்ப நாளா இதைச் சொல்லணும்னு இருந்தேன். இப்ப பாடறவங்களுக்குத் தமிழே தெரியல, நிலம்னு பாட வேண்டியதை நீலம்னு பாடறாங்க, ல ள ழ எல்லாம் ஒண்ணாப் போச்சு. கோவில் திருவிழாவுல எங்க பசங்க பாடறதைக் கேட்டா வயிறு எரியுது.

ரெண்டாங்கட்டை:
ல ள ழ பாடறவங்க பொறுப்பு, அதை ஒத்துக்கறேன். நிலம் நீலமானா மட்டும் உடனே அவங்களைத் திட்டாதீங்க. முதல் எழுத்துல நீளமான சுரம் இருக்கான்னு பாருங்க, இருந்தா எவ்வளவு நல்லாத் தமிழ் தெரிஞ்சவங்க பாடினாலும் அது நீலம்தான். மலை மாலை, குடை கூடை எல்லாம் இதே கதை.

டப்பிங்காரி:
நான் தெலுங்குப் படங்களைத் தமிழ்ல டப் பண்ற டீம்ல பாட்டு வரி பாக்கறேன். எங்களுக்கு மெட்டை ஒரு தட்டு கூட மாத்த முடியாது, படமே முடிஞ்சு வந்துடுது. தெலுங்குல முக்காவாசி வார்த்தை உயிர்ல முடியும், வரிக் கடைசியில எவ்வளவு வேணா இழுத்துக்கலாம். நமக்கு மரம், பகல், அவன்னு மெய்யில முடியுது. இல்லன்னா காத்து, பாட்டுன்னு அரைகுறை உகரம், அதை இழுத்தா "காத்தூ"ன்னு அசிங்கமா வரும். மழைன்னு முடிச்சா கடைசி ஐயை இழுக்கறப்ப "மழஅய்"னு ரெண்டா உடையும். அதனாலதான் காத்தே, மழையே, பகலிலேன்னு ஏ வச்சு எழுதறோம், ரசனைக் குறைவு இல்ல, வாய் திறந்தே இருக்கணுமே. அவன்தான் மனிதன் (1975) படத்துல கண்ணதாசன் ஒரு பாட்டு முழுக்க வரிக்கு வரி "மே"ன்னு முடிச்சிருப்பாரு, எம்எஸ்வி அந்த "மே"யில எவ்வளவு நேரம் நின்னாலும் உறுத்தாது.

க்ளோசப் வந்தா இன்னும் கஷ்டம். ஹீரோ உதடு ஒட்டற இடத்துல ப, ம வரணும், இல்லன்னா தியேட்டர்ல தெரியும். ஒரு வரியில "காதலே"தான் அர்த்தத்துக்குச் சரி, ஆனா அங்க அவர் உதடு ஒட்டுது, ரெண்டு நாள் யோசிச்சு "பூமியே"ன்னு போட்டோம். அர்த்தம் கொஞ்சம் நகந்துடுச்சு, இப்பவும் அந்தப் பாட்டு வந்தா எனக்குச் சங்கடமாத்தான் இருக்கும்.

வெண்பாப்பிரியன்:
வான்நிலா பாடிப் பாத்தேன். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, நல்ல வார்த்தை அமைஞ்சா மெட்டுதான் வளையணும், ஒரு சுரத்தைக் கூட்டினா என்ன குறைஞ்சுடும்?

ரெண்டாங்கட்டை:
சில பேர் கூட்டுவாங்க ஐயா, சில பேர் கூட்ட மாட்டாங்க. பல்லவியில கூட்டினா அந்தப் பல்லவி திரும்ப வர்ற எல்லா இடத்துலயும் கூட்டணும், அதனால யோசிப்பாங்க. சரணத்துல கேட்டுப் பாக்கலாம்.

பாட்டுப்பைத்தியம்:
சரணத்துலதான் இப்ப மாட்டியிருக்கேன், அதே தம்பியோட அடுத்த பாட்டு. வரி "தனனா தனனா"ன்னு போகுது, தாலாட்டு சீன், "அம்மா" வந்தே ஆகணும். அம்மான்னா தானா, முதல்லயே "அம்" நின்னுடுது. முன்னாடி "என்" சேத்தா எ-னம்-மா ஆயிடுது, நடுவுல இழுத்து "எனாம்மா"ன்னு கேக்குது. "அவளே அவளே"ன்னா கச்சிதமா உக்காருது, ஆனா தாலாட்டுல அம்மாவை அவள்னு சொல்ல எனக்கு மனசு வரல. முதல் சுரம் ரெண்டையும் ஒண்ணாக்கித் தருவீங்களான்னு தம்பிகிட்ட கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. வேற யாருக்காவது ஏதாவது தோணினா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங்.