முதல் உள்ளித் தீயலும் மாமா சொன்ன ஒரு வார்த்தையும்

காவிரிக்கரை மருமகள்

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் இது மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் பக்கம், அவர் வீடு தக்கலை பக்கம். மறுவீடு எல்லாம் முடிந்து பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை. மதியம் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் சாப்பிட வருகிறார்கள். "இன்னைக்கு நீயே வையி மக்களே, நான் பக்கத்துல நிக்க மாட்டேன்" என்று மாமி திண்ணைக்குப் போய்விட்டார். பருப்பு, சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற உள்ளித் தீயல், அவியல், பயற்றங்காய்த் துவரன், ரசம், பப்படம். தீயலைத் தவிர மற்றதெல்லாம் எப்படியோ கரை சேர்ந்தது.

எங்கள் ஊர் வத்தக்குழம்பில் எனக்குக் கை பழகியிருந்தது. தீயலும் அதில் தேங்காய் சேர்த்த ஒரு வகை என்றுதான் நினைத்தேன். தேங்காயைப் பொன்னிறம் வந்ததும் இறக்கினேன், நிறையத் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரைத்தேன், நல்லெண்ணெயில் தாளித்துப் பெருங்காயமும் போட்டேன். கொதித்து வந்தபோது செங்கல் நிறத்தில் குருமா மாதிரி நின்றது. எனக்கு அதில் குறையே தெரியவில்லை, ஏனென்றால் சரியான தீயலை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மாமா முதலில் உட்கார்ந்தார். பருப்பும் நெய்யும் பப்படமும் முடிந்து தீயலை ஊற்றினேன். இரண்டு உருண்டை உள்ளே போயிற்று. மூன்றாவதை இலையில் வைத்து விரலால் உருட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "கொள்ளாம்" என்றார்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு சொல் கிடையாது. கொள்ளாது, ஆகாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ரசச் சட்டியை எடுக்கப் போகிறவள் மாதிரி அடுக்களைக்குள் போய் அழுதேன். நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று ராத்திரி அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆனாலும் மாமா மறுபடி தீயல் கேட்கவில்லை. ரசம் மட்டும் இரண்டு தடவை வாங்கினார். அப்படியென்றால் அவர் சொன்னது எந்தக் கொள்ளாம்?

திங்கள்சந்தை பெரியம்மை

மக்களே, உனக்கு மாமா தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மாமி தென்னை மூட்டைக் காட்டினார். 1984-ல் கல்யாணம். மாமியின் தம்பி வீட்டார் எட்டுப் பேர் வந்த நாள். அடுப்பு விறகு, எனக்கு அவசரம். தீயைத் தள்ளிவிட்டு வறுத்தேன். தேங்காயின் ஓரம் கறுத்தது, நடுவில் வெள்ளை அப்படியே இருந்தது. கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாக அம்மியில் வைத்து அரைத்துக் குழம்பும் வைத்தாயிற்று. மாமி சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார், சட்டியை என் கையில் தந்தார். "தென்னை மூட்டுல ஊத்திட்டு வா. தென்னையாவது குடிக்கட்டும்." திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்பவோ மறந்திருப்பேன்.

நீ வறுத்தது பாதி வறுவல். பொன்னிறத்தில் தேங்காய்க்குள் ஈரம் இன்னும் இருக்கும். அதை அரைத்தால் பால் தான் வரும், குருமா நிறம் அதனால்தான். தீயலுக்கு ஈரம் முழுக்கப் போகவேண்டும். நல்லா விளைந்த தேங்காயில் ஒரு மூடி, ஐந்தாறு பேருக்கு அது போதும். சன்னமாகத் துருவு, கனத்த இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுக் கொஞ்சத் தீயில் பதினைந்து, இருபது நிமிஷம் கை எடுக்காமல் கிளறு. முதலில் ஆவி வரும், அப்புறம் பலகாரம் சுடுகிற வாசனை வரும், நீ நிறுத்தினது அந்த இடம். அதையும் தாண்டினால் நிறம் காப்பித்தூள் பக்கம் போகும். ஒரு துணுக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார், மொறுமொறு என்று உதிரவேண்டும், வளையக் கூடாது. அந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டிச் சூட்டிலேயே மூணு கரண்டி மல்லித்தூளும் ஒண்ணரைக் கரண்டி மிளகாய்த்தூளும் போட்டுப் புரட்டு. தீயில் இருக்கும்போதே போட்டால் தூள்தான் முதலில் கருகும். நான் கெடுத்தது தேங்காயை மட்டுமில்லை, தூளையும் அப்படித்தான் கெடுத்தேன்.

ஆறினபிறகு மிக்சியில் தண்ணீர் விடாமல் அரை. முதலில் பொடியாகும், பிறகு திடீரென்று எண்ணெய் விட்டு, ஜாடி ஓரத்தில் கறுத்த களி மாதிரி வழியும். அந்த எண்ணெய் வந்தால் வறுவல் சரி. வரவில்லையென்றால் உன் தேங்காய் இன்னும் பச்சைதான், எவ்வளவு அரைத்தாலும் வராது. அப்புறம் உள்ளியைத் தேங்காயெண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீர் விட்டு, உள்ளி வெந்ததும் அரைப்பைச் சேர்த்து மேலே எண்ணெய் மிதக்கிற வரை வை.

தீயலுக்குப் பேரிலேயே தீ இருக்கு. தீயாத தேங்காயில் எப்படித் தீயல் வரும்?

இரணியல் மாப்பிள்ளை

பெரியம்மை சொல்வது சரிதான், ஆனால் கசந்தால் தென்னைக்கு ஊற்றுவது என்ன நியாயம்? என் மனைவி முதல் தடவை வைத்தபோதும் லேசாகக் கருகிற்று. நான் ஒரு துண்டு வெல்லம் போட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. என் அனுபவம் அவ்வளவே.

இதோடு சில விஷயங்கள் எல்லோருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. புளி எப்போதும் பழைய புளியாகவே இருக்கட்டும், புதுப் புளியில் நிறம் வராது. உள்ளியை உரிக்கக் கஷ்டமென்றால் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டுவையுங்கள். உள்ளிக்குப் பதில் பெரிய வெங்காயம் போட்டால் இனிப்பு தூக்கும், ஆனால் ஆத்திர அவசரத்துக்குப் பரவாயில்லை. தீயலை ராத்திரியே வைத்துக் காலையில் சூடு காட்டினால் ருசி கூடும். மருமகள் கெட்டிக்காரி என்றால் விருந்துக்கு முந்தின நாளே வறுத்து அரைத்து எடுத்துவைத்துவிடுவாள், அன்றைக்குப் பதற்றம் இருக்காது. மாமியார் சொல்கிற அளவை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தேங்காயெண்ணெய் இல்லாத தீயலைத் தீயல் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

திங்கள்சந்தை பெரியம்மை

மாப்பிள்ளை, வெல்லம் கசப்பை மூடும், போக்காது. லேசாகக் கருகினது என்கிறீர்கள், அதற்கு அது போதும். நான் கருக்கின மாதிரி கருக்கினால் அச்சு வெல்லமே போட்டாலும் விழுங்கின பிறகு தொண்டையில் கசப்பு நிற்கும். முந்தின நாளே அரைத்து வைக்கலாம் என்பது நல்ல யோசனை, அதை நானும் செய்வேன். ஆனால் உங்கள் மனைவி வைத்த தீயலை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? சாப்பிட்டவர்கள் மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள்.

கடலோரத்து மைனி

எல்லாரும் உள்ளியிலேயே நிற்கிறீர்களே, முதல் சமையல் என்றால் மீன்தானே! நான் தோவாளைப் பக்கத்துப் பெண். வீட்டில் பூ கட்டுவோம், மீன் வாங்குவது வாரத்தில் ஒரு நாள். கட்டிக்கொடுத்தது குளச்சல் பக்கம். கல்யாணமான மாசமே மாமா சாளை கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார். "மக்களே, கறி வை." அரைப்பு நல்லபடியாக வந்தது. மாங்காய் போட்டேன், உப்பும் சரி. மீன் வெந்துகொண்டிருக்கும்போது அடிபிடிக்குமோ என்று கரண்டியை விட்டுக் கிண்டினேன். சாளையின் தோல் எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்குத் தெரியுமே. திறந்து பார்த்தால் சட்டி முழுக்க முள்ளும் தூளும்.

மாமி ஒன்றும் சொல்லாமல் அந்தச் சட்டியை இறக்கி வைத்தார். மிச்சமிருந்த பத்து மீனை இன்னொரு சட்டியில் போட்டு, கொதி வந்ததும் இரண்டு கையிலும் துணியைச் சுற்றிச் சட்டியின் விளிம்பைப் பிடித்து லேசாக ஒரு சுற்று சுற்றினார். குழம்பு தானாகக் கலங்கி மீனுக்கு மேலே ஏறி இறங்கிற்று, ஒரு மீன்கூட உடையவில்லை. இப்போதும் நான் மீன் சட்டிக்குள் கரண்டி விடுவதில்லை, விளம்பும்போது தவிர.

உங்கள் ஆள் தீயலில் நெத்திலி போட்டுச் சாப்பிடுவாரா? எங்கள் வீட்டில் அதையும் தீயல் என்றுதான் சொல்வார்கள்.

காவிரிக்கரை மருமகள்

மைனி, அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று முதலிலேயே எழுதியிருந்தேனே! எங்கள் மாமி வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்சட்டியை அலமாரியிலிருந்து எடுக்கவே கூடாது. ஆனால் சட்டியைச் சுற்றுகிற விஷயம் எனக்குப் புதுசு, இந்த வாரமே செய்து பார்க்கிறேன்.

பெரியம்மா, விரலால் நசுக்கிப் பார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது அப்படியே கண்ணுக்கு வந்தது. நாத்தனார் வீட்டார் கிளம்பிப் போனபிறகு, மாமி ஒரு மூடித் தேங்காயைத் துருவிச் சட்டியில் போட்டு, ஏதும் சொல்லாமல் கரண்டியை என் கையில் கொடுத்தார். நான் பொன்னிறத்தில் நிறுத்தினேன். தலையை ஆட்டினார். இன்னும் கிளறினேன், மறுபடியும் ஆட்டினார். மூன்றாவது தடவை என் கையைப் பிடித்து ஒரு துணுக்கை என் விரலுக்கும் அவர் விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினார். உதிர்ந்தது. "இதான்" என்றார், அடுப்பை அணைத்தார். அன்றைய பாடத்தில் அந்த ஒரு வார்த்தைதான்.

குலசேகரம் ரப்பர் வீடு

தங்கச்சி, "கொள்ளாம்" விஷயத்துக்கு யாரும் பதிலே சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் அதில் இரண்டு வகை உண்டு. ஆளைப் பார்த்து இழுத்துச் சொன்னால் உண்மையிலேயே பிடித்திருக்கிறது. இலையைப் பார்த்துச் சட்டென்று சொன்னால், சாப்பிடலாம், குறையாகச் சொல்ல மனசில்லை. உன் மாமா இலையைப் பார்த்துச் சொன்னார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இரணியல் மாப்பிள்ளை

அப்படியெல்லாம் இல்லை. எங்கள் அப்பா எல்லாவற்றையும் இலையைப் பார்த்துத்தான் சொல்வார். சம்பளம் கூடினதைச் சொன்னபோதும் இலையைப் பார்த்துத்தான் கொள்ளாம் என்றார்.

நாகர்கோவில் ஒற்றைமரம்

நான் படிக்க மட்டும் வருகிறவன். என் மனைவி திருச்சி. முதல் நாள் எங்கள் சம்பா அரிசியைக் குக்கரில் மூன்று விசிலுக்கு வைத்து இறக்கினாள், சோறு கல்லு மாதிரி. அந்தச் சிவப்பரிசி திறந்த பானையில் முக்கால் மணி நேரம் கொதித்து வடிக்கவேண்டியது என்று எங்களில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. தப்பு யாருடையது என்று இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது.

காவிரிக்கரை மருமகள்

ஒற்றைமரம் அண்ணா, தப்பு உங்களுடையதுதான், இதில் வாக்குவாதம் எதற்கு?

மாமாவிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று நேற்று இதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்பா கொள்ளாம்னு சொன்னா கொள்ளாம்தான். அதுல என்ன கேக்கப் போற?" என்றார். அவரும் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.