கை ஸ்கொயர்ல p ரொம்ப சின்னதா வருது, தொடர்பு இருக்குன்னு எழுதிடலாமா? அவசரம்

மதுரைக்காரி: நாளைக்கு அசைன்மென்ட் குடுக்கணும். கிராஸ்டேப் போட்டேன், அட்மிஷன் கிடைச்சவங்கள்ல 68% ஆண்கள், p-value < 2.2e-16. அப்போ ஆண்களுக்குச் சாதகமா நடந்திருக்குன்னு எழுதலாம்ல?

விடிகாலை: 0.05க்கு கீழ வந்தாச்சுல்ல, தாராளமா எழுதுங்க.

தறிக்காரன்: எந்த டேட்டா, மொத்தம் எத்தனை பேரு? 68% எதுல இருந்து வந்துச்சு? அப்ளை பண்ணவங்கள்லயே ஆண்கள் அதிகம்னா, கிடைச்சவங்கள்லயும் அதிகமாத்தானே இருப்பாங்க.

செல்வி_கள ஆய்வு: என் சர்வேலயும் இதே தொல்லை, ரெண்டு கட்டத்துல எக்ஸ்பெக்டட் கவுன்ட் 5க்கு கீழ போயிடுச்சு, ஃபிஷர் டெஸ்ட் போடச் சொன்னாங்க. நீங்களும் அதைப் பாருங்க.

மதுரைக்காரி: சாரி, R-லயே இருக்குற UCBAdmissions. பெர்க்லி, 1973. மொத்தம் 4526 பேரு.

பழைய புள்ளி: டேபிள் படிக்கவே தெரியாம டெஸ்ட் போட்டா இப்படித்தான். எந்தப் பக்கம் சதவீதம் எடுக்கணும்னு முதல்ல கத்துக்கோங்க. அப்புறம் 92.2 வந்துச்சா 91.6 வந்துச்சா? யேட்ஸ் திருத்தம் போட்டீங்களான்னே சொல்லல.

தறிக்காரன்: 4526 பேருக்கு அந்தத் திருத்தத்தால என்னங்க மாறப்போகுது? ஃபிஷரும் தேவையில்ல, இங்க ஆகச் சின்ன எக்ஸ்பெக்டட் கவுன்ட்டே 711.

பழைய புள்ளி: எது போட்டோம்னு எழுதுறது ஒழுங்கு. 2x2க்கு R தானாவே திருத்தம் போட்டுடும், பாதிப் பேருக்கு அது தெரியாது.

தறிக்காரன்: எழுதட்டும், வேணாங்கல. தங்கச்சி, இதை ஓட்டிப் பாரு:

```
t <- margin.table(UCBAdmissions, c(2,1))
prop.table(t, 1)
```

ஆண்கள் 2691 பேர்ல 1198 பேருக்குக் கிடைச்சிருக்கு, அது 44.5%. பெண்கள் 1835ல 557, அது 30.4%. ஒப்பிட வேண்டியது இந்த ரெண்டைத்தான். தொடர்பே இல்லன்னா சுமார் 1043 ஆண்களுக்குத்தான் கிடைச்சிருக்கும், 1198 வந்ததாலதான் கை ஸ்கொயர் இவ்ளோ ஏறுது. ஆனா கிராமர் V வெறும் 0.14, ஆள் நிறைய இருக்கறதால p அவ்ளோ சின்னதா விழுது.

இனிமேதான் விஷயமே. துறை துறையாப் பிரிச்சுப் பாரு. A துறைல ஆண்கள் 62%, பெண்கள் 82%, அப்படியே தலைகீழ். மத்த அஞ்சு துறைலயும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆண்கள்ல பாதிப் பேருக்கு மேல, ஈஸியா இடம் கிடைச்ச A, B ரெண்டுக்குத்தான் போட்டிருக்காங்க, பெண்கள்ல அங்க போட்டது 133 பேருதான். டேபிள்ல தொடர்பு இருக்கறது நிஜம், அது பாரபட்சத்தால வந்துச்சுன்னு அந்த டேபிளை மட்டும் வச்சு சொல்ல முடியாது.

விடிகாலை: அப்போ mantelhaen.test போட்டா முடிஞ்சுது, p 0.23 வருது, தொடர்பே இல்ல!

தறிக்காரன்: எல்லாத் துறைலயும் போக்கு ஒரே மாதிரின்னு நினைச்சுக்கிட்டுத்தான் அது கணக்குப் போடும். A ஒத்துப்போகல, அதைத் தனியா எழுதணும்.

செல்வி_கள ஆய்வு: பெண்கள் அதிகமா அப்ளை பண்ண துறைகள்ல ஏன் இடம் கம்மியா இருந்துச்சு? அதுவும் பாரபட்சமா இருக்கலாம்ல?

தறிக்காரன்: இருக்கலாம்மா. இந்த டேட்டால அதுக்குப் பதில் இல்ல.

மதுரைக்காரி: துறை வாரியா மாத்தி எழுதிட்டேன், 68% எடுத்தாச்சு. நன்றிண்ணா.