டாலர் ஏறினால் லாபம் போகிறது: தொழில் திட்டத்தில் இதை எப்படி எழுதுவது?

வணக்கம். சிங்கப்பூரில் சிம் லிம் டவர் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு கடை. ஷென்சென்னிலிருந்து கெபாசிட்டர், கனெக்டர் எல்லாம் வரவழைத்து இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு விற்கிறேன். வங்கிக் கடனுக்காகத் திட்டம் எழுதும்போது ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

வாங்குவது அமெரிக்க டாலரில், விற்பது சிங்கப்பூர் வெள்ளியில். 40,000 டாலர் ஆர்டர் என்று வையுங்கள். 30 விழுக்காடு முன்பணத்தை அன்றே கட்டிவிடுவேன். மீதி 28,000 டாலரைப் பத்து வாரம் கழித்து, சரக்கு கிளம்பும் முன் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் விலை சொன்னது டாலருக்கு 1.30 வெள்ளி என்ற கணக்கில். அது 1.35 ஆனால் 1,400 வெள்ளி கூடுதல் செலவு. மொத்த லாபமே 4,000தான்!

வெள்ளி நிலையானதுதானே என்கிறார் பங்காளி. ஆனால் சிங்கப்பூர் நாணய ஆணையம் பார்த்துக்கொள்வது பல நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடைக்கு எதிரான மதிப்பை. டாலருக்கு எதிராக அது ஏறி இறங்கத்தான் செய்யும்.

28,000 டாலருக்கு வங்கியோடு ஃபார்வர்ட் ஒப்பந்தம் போட்டு, பத்து வாரம் கழித்து வாங்கும் விலையை இப்போதே பூட்டலாம். ஆனால் வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தாலும் அந்த டாலரை நான் வாங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தத்தை முடிக்க வேண்டும்; டாலர் இறங்கியிருந்தால் அது எனக்கு நட்டம். அதனால் ரத்து செய்ய முடியாத ஆர்டருக்கு மட்டும் ஃபார்வர்ட், மற்றதற்குக் கொட்டேஷனில் ‘விலை 7 நாள் செல்லும், மாற்றுவிகிதம் 2 விழுக்காட்டுக்கு மேல் நகர்ந்தால் விலை மாறும்’ என்று போடலாமா?

இங்கே யாராவது அப்படிப் போட்டிருக்கிறீர்களா? தொழிற்சாலையின் கொள்முதல் ஆட்கள் ஒத்துக்கொண்டார்களா? அப்புறம், சின்னக் கடைக்கு ஃபார்வர்ட் கொடுக்க வங்கி எவ்வளவு வைப்புத்தொகை கேட்டது?