டிஸ்கார்டில் கேம் ஷேர்: எக்கோவும் லேக்கும் எங்கிருந்து வருது? உங்க அனுபவத்தைப் பகிருங்க

பிக்சல்குமரன்:
எங்க குரூப்ல அஞ்சு பேர். ஒருத்தர் விண்டோஸ் லேப்டாப்ல ஜிடிஏ 5 ஆடி டிஸ்கார்டில் ஸ்ட்ரீம் பண்ணுவார், மத்த நாலு பேரும் பார்ப்போம். அவர் ஷேர் பண்ண ஆரம்பிச்சதும் எங்க நாலு பேருக்கும் எங்க குரலே அரை நொடி கழிச்சு திரும்பக் கேட்கும். அவருக்கு மட்டும் எதுவும் கேட்காது. அதனால "உங்க செட்டிங்கைப் பாருங்கப்பா"ன்னு எங்களைச் சொல்வார். உண்மையில் கோளாறு அவர் பக்கம்தான் இருந்துச்சு. எக்கோ யாருக்குக் கேட்கலையோ அவர்கிட்டயிருந்துதான் அது கிளம்புது, ஏன்னா நம்ம குரல் அவர் வீடு வரைக்கும் போய், அங்கிருந்துதான் திரும்பி வருது. இதே மாதிரி மத்தவங்களுக்கு வந்தப்போ எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

அலைவரிசை:
முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பார்க்கணும். ஷேர் பண்றவர்கிட்டயிருந்து ரெண்டு சத்தம் தனித்தனியாக் கிளம்புது. ஒண்ணு மைக் வழியா, இன்னொண்ணு ஸ்ட்ரீம் வழியா. எக்கோ எந்த வழியில வருதுன்னு தெரியாம செட்டிங்கை மாத்திக்கிட்டே இருந்தா ராத்திரி முழுக்கப் போயிடும்.

சோதனை இது. பார்க்கிறவர் ஸ்ட்ரீம் மேல ரைட் கிளிக் பண்ணி, அந்த ஸ்ட்ரீமோட சத்தத்தை மட்டும் மியூட் பண்ணட்டும். எக்கோ நின்னா அது ஸ்ட்ரீமுக்குள்ளேயே இருக்கு. நிக்கலைன்னா மைக் வழியா வருது.

மைக் வழின்னா அடுத்த சோதனை. ஹெட்செட் வயர்லயோ காது மூடியிலயோ மைக் ஆஃப் சுவிட்ச் இருக்கும். டிஸ்கார்ட் மியூட் பட்டனைத் தொடாம அந்த சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. எக்கோ நின்னா, ஸ்பீக்கர் சத்தமோ ஹெட்போன்ல இருந்து கசியுற சத்தமோ மைக்ல ஏறுதுன்னு அர்த்தம். ஹெட்போன் வால்யூமைக் குறைங்க, `Voice & Video` பகுதியில `Echo Cancellation` ஆன்ல இருக்கான்னு பாருங்க. சுவிட்ச் ஆஃப்ல இருந்தும் எக்கோ வருதுன்னா, டிஸ்கார்ட் எடுத்துக்கிட்டிருக்கிறது அந்த மைக்கே இல்லை. `Input Device` என்னன்னு திறந்து பாருங்க. லேப்டாப்போட சொந்த மைக்கா இருக்கலாம், `Stereo Mix` ஆவும் இருக்கலாம்.

பிக்சல்குமரன்:
`Stereo Mix`தான் அண்ணா! கேம் சத்தம் எங்களுக்குக் கேட்கணும்னு ஏதோ பழைய வீடியோவைப் பார்த்து அவர் அதைப் போட்டிருக்கார்.

அலைவரிசை:
அதான் விஷயம். `Stereo Mix` கம்ப்யூட்டர்ல ஓடுற எல்லாச் சத்தத்தையும் மைக் மாதிரி அனுப்பிடும், உங்க குரல் உட்பட. டிஸ்கார்டோட சொந்த ஸ்கிரீன் ஷேர் அப்படிச் செய்யாது, டிஸ்கார்டுக்குள்ள பேசுற குரல்களை விட்டுட்டுத்தான் சத்தத்தை எடுக்கும். அதனால `Input Device`ல ஹெட்செட் மைக்கைப் பேர் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க, `Default`ன்னு விடவேண்டாம். கேம் சத்தத்தை ஸ்ட்ரீமே கொண்டுவந்துடும்.

நிலா_ஆடுகளம்:
ஸ்ட்ரீமை மியூட் பண்ணினா எக்கோ நிக்குதுன்னா என்ன காரணம்னு நான் சேர்த்துக்கிறேன். பெரும்பாலும் கேமுக்குள்ளேயும் ஒரு வாய்ஸ் சாட் ஓடிக்கிட்டிருக்கும். நண்பர்கள் டிஸ்கார்டிலும் பேசி, கேம் லாபியிலும் மைக்கைத் திறந்து வெச்சிருந்தா, அந்தக் குரல் கேம் சத்தத்தோட கலந்து ஸ்ட்ரீம்ல போயிடும். டிஸ்கார்ட் அதைப் பிரிக்க வழியில்லை, ஏன்னா அதுக்கு அதுவும் கேம் சத்தம்தான். கேம் செட்டிங்ல வாய்ஸ் சாட்டை நிறுத்துங்க.

எல்லாரும் ஒரே மேட்ச் ஆடிக்கிட்டே ஒருத்தர் ஸ்ட்ரீமைத் திறந்து வெச்சிருந்தாலும் வெடிச்சத்தம் ரெண்டு தடவை கேட்கும். அது எக்கோ இல்லை. உங்க கேம் ஒண்ணு, ஸ்ட்ரீம் ஒண்ணு. ஸ்ட்ரீம் வால்யூமைப் பூஜ்யமாக்கினாப் போதும்.

சேலம்ராஜா:
எக்கோ சரி, லேக் பத்தி யாரும் பேசலையே. அஞ்சு பேர் பார்த்தா அப்லோடு அஞ்சு மடங்கு ஆகும். ரெண்டு பேரை வெளியே போகச் சொல்லுங்க, தானா சரியாகிடும். அதோட `720p`, `30` வெச்சுக்கோங்க.

அலைவரிசை:
ராஜா, ரெண்டாவது சொன்னது சரி. முதலாவது டிஸ்கார்டுக்குப் பொருந்தாது. ஸ்ட்ரீம் டிஸ்கார்ட் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் பார்க்கிறவங்களுக்குப் பிரியுது. ஆளைக் குறைச்சு அப்லோடை மிச்சம் பிடிக்க முடியாது.

லேக்லயும் பிரிச்சுத்தான் பார்க்கணும். படம் திக்கும்போது ஷேர் பண்றவரோட குரலும் உடையுதான்னு கவனிங்க. குரலும் உடைஞ்சா நெட் மேல சந்தேகம். அவர் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை ஓடவிடட்டும்:

```
ping -t 8.8.8.8
```

ஷேர் பண்றதுக்கு முன்னாடி 20, 30 மில்லிசெகண்ட் காட்டி, ஷேர் ஆரம்பிச்சதும் 200ஐத் தாண்டினா அப்லோடு நிரம்பி வழியுது. ரெசல்யூஷனைக் குறைக்கணும், பின்னணியில போட்டோ பேக்கப் எதுவும் ஓடினா நிறுத்தணும். ஆரம்பத்திலேயே எண்ணு தாறுமாறா ஏறி இறங்கினா வைஃபைதான் காரணமா இருக்கும். லேன் கேபிள் போட்டுப் பாருங்க.

குரல் தெளிவா இருந்து படம் மட்டும் திக்கினா பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு. கேமை வரைஞ்சு காட்டுற அதே கார்டுதான் ஸ்ட்ரீமுக்குப் படத்தைப் பிடிச்சுச் சுருக்கவும் வேலை செய்யுது. கேம் அதை முழுசாப் பிடிச்சு வெச்சிருந்தா ஸ்ட்ரீமுக்கு மிச்சம் இருக்காது. ஆடுறவருக்கு வெண்ணெயா ஓடும், பார்க்கிறவருக்கு ஸ்லைடு ஷோ மாதிரி வரும். டாஸ்க் மேனேஜர்ல `GPU` 98, 100ன்னு நின்னா, கேம் செட்டிங்ல ஃபிரேம் ரேட்டை 60க்குக் கட்டிப்போடுங்க. பார்க்கிறவங்களுக்கு 30தான் போகுது, 110 ஃபிரேம் வரைஞ்சு அவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

தேன்மொழி:
நான் போன்ல ஃப்ரீ ஃபயர் ஆடுறேன். ஷேர் பண்ணினா படம் போகுது, சத்தம் போகலை. `Stereo Mix` போன்ல எங்க இருக்கு?

நிலா_ஆடுகளம்:
போன்ல அது கிடையாதும்மா, அது விண்டோஸ் விஷயம். ஆண்ட்ராய்டு 10ல இருந்துதான் ஒரு ஆப் இன்னொரு ஆப்போட சத்தத்தைப் பிடிக்க முடியும், அதையும் அந்த கேம் அனுமதிக்கணும். முதல்ல உங்க ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன்னு பாருங்க. அப்புறம் வேற ஏதாவது கேமை ஷேர் பண்ணிப் பாருங்க. அதுல சத்தம் வந்தா தடை அந்த கேம் பக்கம், டிஸ்கார்டில் எதை மாத்தியும் பயனில்லை.

சேலம்ராஜா:
லேப்டாப்லயும் சத்தம் போகாம இருக்கும். கேமை `Run as administrator` கொடுத்துத் திறந்திருந்தா டிஸ்கார்டையும் அப்படியே திறக்கணும். லாஞ்சர் விண்டோவை ஷேர் பண்ணிட்டு கேம் சத்தம் வரலைன்னு தேடுறவங்களும் உண்டு. கேம் ஓட ஆரம்பிச்ச பிறகு கேம் விண்டோவையே தேர்ந்தெடுங்க.

பிக்சல்குமரன்:
மைக்கை மாத்தினதும் எக்கோ போயிடுச்சு. ஃபிரேமை 60ல கட்டினதும் படமும் ஓடுது. ஆனா இப்போ அவருக்கு, நாங்க பேசுறப்பெல்லாம் கேம் சத்தம் கம்மியாகுதாம்.

அலைவரிசை:
விண்டோஸ் வேலை. `Win+R` அழுத்தி `mmsys.cpl` அடிங்க. `Communications` டேப்ல `Reduce the volume of other sounds by 80%` தேர்வாகி இருக்கும். `Do nothing` வைங்க. டிஸ்கார்டிலும் `Attenuation`னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதையும் பூஜ்யத்துக்கு இழுங்க. புளூடூத் ஹெட்செட்டா இருந்தா வேற கதை. மைக் ஆன் ஆனதுமே கேம் சத்தம் பழைய டெலிபோன் மாதிரி மங்கிடும், ஏன்னா அது அழைப்பு முறைக்கு மாறிடுது. ஹெட்செட்டைக் கேட்க மட்டும் வெச்சு, மைக்குக்கு லேப்டாப்போடதைத் தேர்ந்தெடுத்தாத்தான் தெளிவு திரும்பும்.

நிலா_ஆடுகளம்:
எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் பிடிபடலை. ஒரு மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 60. முழு ஸ்கிரீனை ஷேர் பண்ணினா திக்குது, கேம் விண்டோவை மட்டும் பண்ணினா திக்கலை. கார்டு 70 சதவீதம்தான் ஓடுது, பிங்கும் சீரா இருக்கு.

சேலம்ராஜா:
ரெண்டையும் 60க்கு மாத்திப் பாருங்க.

நிலா_ஆடுகளம்:
மாத்தினா குறையுது, முழுசாப் போகலை. ரெண்டு மானிட்டர் வெச்சிருக்கிறவங்க யாராவது உங்க பக்கம் எப்படின்னு சொல்லுங்க.