கேட்வேக்கு ‘நுழைவாயில்’ பொருந்துமா?

மீனா:
வணக்கம். வீட்டுக் கூரை சோலார் கண்காணிப்புக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். டேட்டா லாகருக்குத் ‘தரவுப் பதிவி’ என்று வைத்துவிட்டேன். சிக்கல், இன்வெர்ட்டரின் எண்களை வாங்கி அனுப்பும் கேட்வே பெட்டியில். ‘நுழைவாயில்’ என்று எழுதிய வரைவைச் சிராங்கூனில் தரைவீட்டில் இருக்கும் என் மாமாவிடம் கொடுத்தேன். வெளியிலிருந்து உள்ளே நுழையும் வழி என்று புரிந்துகொண்டு, ரூட்டரில் 502-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டார். அந்தப் போர்ட்டில் இன்வெர்ட்டரோடு பேசும் மொழியான மோட்பஸ் யாரிடமும் கடவுச்சொல் கேட்காது. எண்களைப் படிக்க வருகிறவர் அமைப்பை மாற்றி எழுதவும் முடியும். உண்மையில் அந்தச் சின்னப் பெட்டி வீட்டுக்குள் இன்வெர்ட்டரைக் கேட்டு, பதிலை வெளியே அனுப்புகிறது. உள்ளே வரும் வழியே வேண்டாம். ஏரியிலிருந்து நீர் வெளியே மட்டும் போவதுபோல ‘மடைவாய்’ என்று சொன்னால் என்ன?

செல்வராஜ்:
லாகரும் கேட்வேயும் ஒன்றுதானேம்மா? என் வீட்டு லாகரே வைஃபை வழியாக எல்லாவற்றையும் அனுப்புகிறது. ‘பதிவி’ ஒன்றே போதும்.

கதிரேசன்:
செல்வராஜ் அண்ணன் சொல்வது பாதி சரி. லாகர் அனுப்பும், ஆனால் தயாரிப்பாளரின் சர்வருக்கு மட்டும். எண்கள் நம் கைக்கு வேண்டும் என்பதால்தான் இன்னொரு பெட்டி வைக்கிறோம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து நான் பட்டதைச் சொல்கிறேன். லாகர் மாட்டியிருந்த அதே ஆர்எஸ்485 கம்பி ஜோடியில் என் பெட்டியையும் முறுக்கிவிட்டேன். பத்துக் கேள்விக்கு மூன்று நான்கு `CRC error`. லாகரின் வரைபடத்திலும் ஓட்டைகள். அந்தக் கம்பியில் ஒருவர்தான் கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் கேள்வியும் பதிலும் மோதிக்கொள்ளும். லாகரைக் கழற்றியதும் பிழை நின்றது. லாகரை வைத்துக்கொள்ள விரும்பினால், அது இடம் கொடுக்கும் பட்சத்தில் வீட்டு நெட்வொர்க் வழியாக அதையே கேட்கலாம்.

அதனால் மடைவாய் எனக்கு ஒட்டவில்லை. மடை கேள்வி கேட்காது, மோட்பஸில் வந்ததை எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறைக்கு மாற்றியும் தராது. ‘கேட்டனுப்பி’ என்று வைக்கலாம்.

ஜரினா:
எங்கள் வீட்டில் இரவு 9 மணிக்கும் 14 வாட் காட்டுகிறது. கேட்டனுப்பி கெட்டுவிட்டதா, கதிர் அண்ணே?

கதிரேசன்:
இல்லைம்மா. உங்களுடையது பேனல் மின்சாரத்தில் ஓடும் லாகராக இருக்கும். இருட்டியதும் அது அணைந்துவிடும், பெட்டி கடைசியாகக் கிடைத்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். எண்ணோடு வரும் நேரத்தைப் பாருங்கள். ஏழு மணியைச் சுற்றி நின்றிருந்தால் அதுதான்.

ஜரினா:
7:06-ல் நிற்கிறது.

மீனா:
அப்படியானால் அதற்கும் ஒரு சொல் வேண்டும். ஆறிய சோறுபோல ‘ஆறிய எண்’? கையேட்டில் ஸ்கிரீன்ஷாட்டின் கீழேயே போடுகிறேன்.

செல்வராஜ்:
ஆறிய எண் நன்றாக இருக்கிறது. கேட்டனுப்பி வாயில் நுழையவில்லை, தம்பி.

மீனா:
மாமாவின் போர்ட்டை நேற்று மூடிவிட்டேன். ‘நுழைவாயில்’ வரைவிலிருந்து போய்விட்டது. மடைவாயா கேட்டனுப்பியா என்று இன்னும் முடிவாகவில்லை. மாமாவிடம் இரண்டையும் சொல்லி, எதைக் கேட்டால் ரூட்டர் பக்கம் போகாமல் இருக்கிறார் என்று பார்க்கிறேன்.